வாட்டர்கலரில் சிவப்பு ஏன் முதலில் வெளுக்கிறது, வெளுக்காமல் வைப்பது எப்படி

வாட்டர்கலரில் ஒரு செம்பருத்தி வரைந்து சுவரில் மாட்டுகிறீர்கள். கொஞ்ச காலம் போனதும் இலை அப்படியே பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் வெளிறிவிடுகிறது. இதற்குக் காரணம் சிவப்பு என்ற நிறம் அல்ல, அந்த ட்யூபுக்குள் இருக்கும் நிறமிதான்.

நீலத்துக்கு அல்ட்ராமரின் மாதிரி வெயிலுக்கு அசையாத நிறமிகள் எளிதாகக் கிடைக்கின்றன. பளிச்சென்ற சிவப்பும் ரோஸும் நெடுங்காலமாகச் சாயங்களிலிருந்துதான் வந்தன. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து எடுத்த அலிசரின் அப்படி ஒன்று (நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அலிசரின் உண்டு). சிவப்பு நிறமி பச்சை, நீல ஒளியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிவப்பு ஒளியைவிட அதற்கு ஆற்றல் அதிகம், அந்த ஆற்றலில் சாய மூலக்கூறு கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது, உடைந்தபின் அதற்கு நிறம் கிடையாது. காவிச் சிவப்பும் அதே ஒளியை இழுக்கிறதுதான், ஆனால் அது இரும்பு ஆக்சைடு என்பதால் உடைவதில்லை. வாட்டர்கலரில் பூச்சு மிக மெல்லியது, அதனால் அடர்த்தியாகப் பூசிய இடத்தைவிடத் தண்ணீர் விட்டு வெளிறலாகப் பூசிய ரோஸ்தான் முதலில் காணாமல் போகும்.

முதலில் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்னால் இருக்கும் அழகான பெயரை நம்ப வேண்டாம். பின்னால் சின்ன எழுத்தில் PR, PV என்று தொடங்கும் குறியீடு இருக்கும். PR83 என்றால் அலிசரின் கிரிம்சன், அது வெளுக்கும். PV19, PR254, PR101 மூன்றும் நன்றாகத் தாங்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோஸ்களில் பெரும்பாலும் ஒளிரும் சாயம் கலந்திருக்கும், அந்த மினுமினுப்பு நிற்காது. குறியீடே போடாத பெட்டியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாட்டப்போகிற படத்துக்கு வேண்டாம்.

அப்புறம் ஜன்னல் சோதனை

படத்துக்குப் பயன்படுத்தும் அதே காகிதத்தில் ஒவ்வொரு சிவப்பையும் ஒரு பட்டையாகப் பூசுங்கள், மேலே அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே போகப்போகத் தண்ணீர் சேர்த்து வெளிறலாக முடியட்டும். ஒப்பிட ஒரு அல்ட்ராமரின் பட்டையும் சேருங்கள். பக்கத்திலேயே குறியீட்டையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் சில பேனா மையும் வெயிலில் மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கனமான புத்தகத்துக்குள் வையுங்கள், மறு பாதியை நேர் வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். மழைச்சாரல் படாத ஜன்னலாக இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை இரண்டு பாதிகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிறலான நுனியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், மாற்றம் அங்கேதான் தொடங்கும். மூன்று மாதம் விட்டால் போதும், PR83-இன் நுனிக்கும் PV19-இன் நுனிக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

செம்பருத்தியை மறுபடி பூசுவோம்

இதழுக்கு PV19 ரோஸோடு கொஞ்சம் PR254 சேர்த்தால் செம்பருத்தியின் சூடான சிவப்பு வந்துவிடும். நடுவில் இருக்கும் ஆழமான கருஞ்சிவப்புக்குத்தான் எல்லோரும் அலிசரினைத் தேடுவார்கள், அங்கே PV19-இல் தாலோ பச்சை (PG7) ஒரு துளி விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே ஆழம் கிடைக்கும். பச்சை கூடினால் சாம்பலாகிவிடும், அதனால் தூரிகை நுனியில் தொட்டுச் சேருங்கள்.

நிழலுக்குக் கலக்கும் ஊதாவில் இன்னும் கவனம் வேண்டும். வெளுக்கிற சிவப்பை நீலத்தோடு கலந்தால் சிவப்பு போய் நீலம் மட்டும் மிஞ்சும். வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தில் நடந்தது இதுதான். சுவர் வெளிர் ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார், இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். உங்கள் படத்தில் ஊதா நிழல் நீலமாகிக்கொண்டு வந்தால் சிவப்பு கரைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாட்டும் இடம்

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி நல்லதுதான், ஆனால் சாதாரண வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும், கண்ணாடி அதை நிறுத்தாது. அருங்காட்சியகங்களில் வாட்டர்கலர் படங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் விடுவார்கள். வீட்டில் அவ்வளவு இருட்டு சாத்தியமில்லை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டினால் நேர் வெயில் படாது.

ஏற்கெனவே PR83-இல் வரைந்த படம் இருக்கிறதா? போன நிறம் திரும்பாது. மேலே மறுபடி பூசினால் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். இப்போதே ஸ்கேன் எடுத்து, பிரதியைச் சுவரில் மாட்டுங்கள், மூலப்படத்தை அமிலமில்லாத காகிதத்துக்கு இடையில் ஒரு கோப்பில் வையுங்கள்.