ரகசிய கேமராவும் பொதுநலனும்: செய்தியாளர்கள் சறுக்கும் இடங்கள்

2007-இல் டெல்லியில் மூன்றே மாத இடைவெளியில் இரண்டு ரகசிய கேமரா செய்திகள் ஒளிபரப்பாயின. இரண்டிலும் எதிரில் இருந்தவரை ஏமாற்றித்தான் படம் எடுத்தார்கள். ஒன்று பொதுநலனுக்கு உதவியது என்று உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இன்னொன்று ஒரு பள்ளி ஆசிரியையின் வாழ்க்கையைச் சிதைத்தது.

மே மாதம் என்டிடிவி ஒளிபரப்பியது முதலாவது. 1999-இல் ஆறு பேரைக் கொன்ற பிஎம்டபிள்யூ கார் வழக்கு அப்போது விசாரணையில் இருந்தது. அதில் முக்கியச் சாட்சி ஒருவரை அரசுத் தரப்பு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் சந்தித்துப் பேசியதை, அந்தச் சாட்சியின் ஒத்துழைப்போடு ரகசியமாகப் பதிவு செய்தார்கள். எதிரெதிர் தரப்பில் நிற்க வேண்டியவர்கள் கைகோத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. நேரில் போய்க் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆவணமும் கிடைக்காது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் கேமரா ஒளித்து வைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 30 அன்று லைவ் இந்தியா என்ற சேனல் ஒளிபரப்பியது இரண்டாவது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுகிறார் என்று அது சொன்னது. உடனே கும்பல் திரண்டு அவரைத் தாக்கியது, உடைகளைக் கிழித்தது. கல்வித் துறை முதலில் பணியிடை நீக்கம் செய்தது, அப்புறம் வேலையை விட்டே நீக்கியது. காவல்துறை விசாரித்தபோது வேறு கதை வெளிவந்தது. பாதிக்கப்பட்ட மாணவியாகக் காட்டப்பட்டவர் மாணவியே இல்லை. ஊடகத்தில் பெயர் எடுக்க விரும்பிய ஓர் இளம்பெண். ஆசிரியை மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. சேனலின் ஒளிபரப்பை மத்திய அரசு ஒரு மாதம் நிறுத்தி வைத்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் தவறு புரியும். எதிராளியை ஏமாற்றுவதும் பார்வையாளரை ஏமாற்றுவதும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். குற்றம் செய்பவரிடம் நாம் யார் என்பதை மறைப்பதற்குச் சில சமயம் நியாயம் உண்டு. ஆனால் நடிக்க வைத்த ஒருவரை 'மாணவி' என்று பார்வையாளருக்குக் காட்டுவதற்கு எந்தப் பொதுநலனும் நியாயம் ஆகாது. அங்கே செய்தி என்ற ஒன்றே இல்லை.

அடுத்த தவறு, நடக்கும் குற்றத்தைப் பதிவு செய்யாமல் குற்றத்தையே உருவாக்குவது. இங்கே எல்லை மங்கலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2005-இல் கோப்ராபோஸ்ட் என்ற செய்தி இணையதளத்தின் செய்தியாளர்கள், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் தருவதாக எம்.பி.க்களை அணுகினார்கள். 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். செய்தியாளர்கள் மீதே லஞ்சம் கொடுத்ததாக வழக்கு வந்தது. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதை நம்பி எல்லோரும் துணிந்து இறங்கக் கூடாது. 2003-இல் ஒரு மத்திய இணை அமைச்சர் பணம் வாங்கும் காட்சி வெளியான வழக்கில், அதை ஏற்பாடு செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய 2014-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொதுநலனுக்காகச் செய்தேன் என்று சொல்வதாலேயே குற்றம் மறைந்துவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

என் கணிப்பில், பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்த ஆள் நாம் இல்லாதபோதும் இதைச் செய்துகொண்டிருந்தாரா? ஒருவர் மறுத்த பிறகும் தொகையை ஏற்றிக்கொண்டே போவது, கெஞ்சுவது, ஆசை காட்டுவது எல்லாம் அவருடைய ஊழலைக் காட்டாது, நம் விடாப்பிடியைத்தான் காட்டும். ஆயுத பேர ஊழலைத் தெஹல்கா என்ற செய்தி இணையதளம் 2001-இல் ரகசிய கேமராவால் அம்பலப்படுத்தியது பெரிய வேலை. ஆனால் ராணுவ அதிகாரிகளுக்குப் பாலியல் தொழிலாளர்களை அனுப்பியது பிறகு தெரிய வந்தபோது, பேச்சு ஊழலை விட்டு அங்கே திரும்பியது. கதைக்குச் சம்பந்தமே இல்லாத பெண்களைக் கருவியாக்கியது எனக்கு எந்த வகையிலும் ஏற்கத் தக்கதாகத் தெரியவில்லை.

கேமராவில் பதிவானதும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஒரு தவறு. ஆசிரியை விஷயத்தில், அந்தப் பெண் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று பள்ளிப் பதிவேட்டில் ஒருமுறை விசாரித்திருந்தாலே கதை உடைந்திருக்கும். தகவல் கொடுத்தவருக்கும் குற்றம்சாட்டப்படுபவருக்கும் பழைய தகராறு ஏதும் உண்டா என்று கேட்பது அடிப்படை. ஒளிபரப்புக்கு முன் எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்பதும் அப்படித்தான்.

அப்புறம், வெட்டாத மூலப் பதிவு. பிஎம்டபிள்யூ விவகாரத்தில் அசல் மைக்ரோசிப்புகளை சேனலிடமே விட்டுவிட்டு நகல்களை மட்டும் உயர் நீதிமன்றம் பெற்றுக்கொண்டதை உச்ச நீதிமன்றம் 2009-இல் குறை சொன்னது. அசல் இருந்தால்தான் எது வெட்டப்பட்டது, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது என்று மூன்றாம் ஆள் ஒருவர் சரிபார்க்க முடியும்.