கரண்டை சுளுக்கியிருக்கிறதா? பி.டி. சாருக்குக் கடிதம் எழுதும்போது நடக்கும் தவறுகள்

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மைதானம் கரிசல் மண். மழை போய் வெயில் ஏறினால் தரை வெடிப்பு விடும். ஓடுகிற பிள்ளையின் பாதம் அந்த வெடிப்பில் இறங்கி உள்பக்கமாக மடங்கும். அப்போது கரண்டைக்கு வெளிப்பக்கம் மூட்டைப் பிடித்திருக்கும் நார் இழுபடும், சில சமயம் கிழியவும் செய்யும். விளையாட்டு விழாப் பயிற்சி நடக்கும் நாட்களில் இப்படிச் சுளுக்கிய பிள்ளைகளின் வீட்டிலிருந்து கடிதம் வராத வாரம் இல்லை.

அதில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும்: "என் மகனுக்குக் கால் வலி. ஆகவே பி.டி. பீரியடில் விலக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." எந்தக் கால், என்று பட்டது, டாக்டர் பார்த்தாரா, எதுவரை விலக்கு, எதிலிருந்து விலக்கு, இதில் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டு வரியால் ஒரு பையனுக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன். ஜனவரி 5 அன்று நீளம் தாண்டும் பயிற்சியில் குழிக்கு வெளியே கால் வைத்து வலது கரண்டையை மடக்கிக்கொண்டான். அன்று ராத்திரியே ஊரில் சுளுக்கு வழிக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்து அழுத்தி வழித்திருக்கிறார்கள். மறுநாள் வீக்கம் இரண்டு மடங்கு. 7ஆம் தேதி அந்த இரண்டு வரிக் கடிதத்தோடு பள்ளிக்கு வந்தான். கடிதம் வகுப்பாசிரியரிடம் போனது, வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு வந்து சேரவில்லை. 9ஆம் தேதி கூட்டு உடற்பயிற்சிக்கு எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தேன். அவனும் நின்றான். கேட்டதற்கு, "நடக்க முடியுது சார், டிரில்தானே" என்றான். முக்கால் மணி நேரம் நின்று, குதித்து, கை தட்டி முடித்தபோது காலை ஷூவிலிருந்து உருவ முடியவில்லை.

இங்கே பல தவறுகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது, "நடக்க முடிகிறது" என்பதை வைத்து எல்லாம் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டது. கரண்டை சுளுக்கில் சமதளத்தில் நேராக நடப்பது சீக்கிரமே கைகூடிவிடும். ஆனால் அணிவகுப்பில் வெறும் நடை கிடையாது. குதிகாலை ஓங்கி ஊன்ற வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், 'அட்டென்ஷன்' சொன்னால் காலைத் தூக்கி அடிக்க வேண்டும். அது போக, வெயிலில் அரை மணி நேரம் அசையாமல் நின்றாலே வீங்கிய காலில் இன்னும் நீர் இறங்கும். கூட்டு உடற்பயிற்சியிலோ இரண்டு காலையும் அகட்டித் தாவுவது பத்துத் தடவைக்கு மேல் வரும். விலக்குக் கேட்கும் பெற்றோர் ஓட்டத்தையும் கபடியையும் மட்டும் நினைத்துக் கடிதம் எழுதுகிறார்கள். அணிவகுப்பும் டிரில்லும் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

டாக்டரிடம் கேட்கும் கேள்வியிலும் இதே தவறுதான். "ரெஸ்ட் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்டால் சீட்டில் "பத்து நாள் ஓய்வு" என்று வரும். பள்ளி மைதானத்தில் என்னென்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். "படி ஏறலாமா? அரை மணி நேரம் நிற்கலாமா? அணிவகுப்பில் நடக்கலாமா? மெதுவாக ஓடுவது எப்போது, தாவுவது எப்போது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்பதையும் கேட்டு, பதில்களைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஓபியில் கூட்டம் இருந்தாலும் இதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

"பத்து நாள்" என்று எழுதுவதிலும் சிக்கல் உண்டு. காயம் பட்ட நாளிலிருந்தா, சீட்டு எழுதிய நாளிலிருந்தா, பள்ளி நாள் பத்தா? ஜனவரியில் நடுவே பொங்கல் லீவு வேறு வந்துவிடும். லீவில் பையன் ஊர்ப் பொட்டலில் கிரிக்கெட் ஆடிவிட்டு, "பத்து நாள் முடிஞ்சிருச்சு சார்" என்று வந்து நிற்பான். அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு, இந்தத் தேதி வரை என்று தேதியையே எழுதுங்கள்.

டாக்டரிடம் போகவே வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். அடிபட்ட உடனேயும் பிறகும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கரண்டையின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் கத்துகிற அளவு வலித்தாலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே உள்ள எலும்பு மேட்டிலோ உள்பக்க நடுப்பாதத்து எலும்பிலோ அப்படி வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. அவர்கள் எலும்பின் முனையில் வளர்ச்சி நடக்கும் இடம் மென்மையாக இருக்கும். அதில் பட்ட அடி வெளியே பார்க்கச் சாதாரண சுளுக்கு போலவே தெரியும், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். டாக்டர் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னால் காரணம் இதுதான். வலி குறைந்துவிட்டது என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள். இதை நினைத்தால்தான் சுளுக்கு வழிப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே எலும்பு விட்டிருக்கிறதா என்று தெரியாமல் அழுத்தி இழுக்கிறோம். முதல் இரண்டு நாள் தேய்ப்பதும் சுடுநீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அந்த நாட்களில் துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிஷம் வைப்பது, கிரேப் பேண்டேஜ் கட்டுவது, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, இவை போதும்.

சரி, நம் பையன் கதைக்கு வருவோம். 10ஆம் தேதி எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு விடவில்லை. நார் ஓரளவு கிழிந்திருக்கலாம் என்று சொல்லி, 24ஆம் தேதி மறுபடி வரச் சொன்னார். இந்தத் தடவை அவன் அப்பா என்னிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டு, பயிற்சியில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தார். டாக்டரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். திங்கட்கிழமை வந்த கடிதம் இது:

"பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். வழி: வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர்.
பொருள்: எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவனுக்கு உடற்பயிற்சியில் பகுதி விலக்குக் கோருதல்.

ஐயா, என் மகனுக்கு ஜனவரி 5 அன்று பயிற்சியில் வலது கரண்டை சுளுக்கியது. 10ஆம் தேதி எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. 24ஆம் தேதி வரை ஓட்டம், தாவல், அணிவகுப்பு, கூட்டு உடற்பயிற்சி கூடாது என்றும், 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கட்டுடன் மெதுவாக நடக்கலாம், உட்கார்ந்து செய்யும் வேலைகள் செய்யலாம். 24ஆம் தேதி மறுபரிசோதனைக்குப் பிறகு அவர் சொல்வதை எழுதித் தெரிவிக்கிறேன். மருத்துவச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன்."

இதில் எனக்குப் பிடித்தது 'பகுதி விலக்கு' என்ற வார்த்தை. முழு விலக்குக் கேட்டால் பையன் பி.டி. பீரியடில் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருப்பான், விழா அன்று வீட்டில் இருப்பான். எது கூடாது, எது செய்யலாம் என்று எழுதிவிட்டால் நான் அவனுக்கு வேலை கொடுக்கலாம். முக்கியமாக, கடிதம் என் கைக்கு நேராக வரும்படி "வழி" போட்டிருந்தார். நகல் ஒன்றை என்னிடம் தனியாகவும் கொடுத்தார். டிரில்லுக்கும் அணிவகுப்புக்கும் வெவ்வேறு ஆசிரியர்கள் நிற்கும் பள்ளியாக இருந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். பிள்ளை தானே போய்ச் சொல்லிக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். வரிசையில் நண்பர்களோடு நிற்கும்போது வாயைத் திறக்க மாட்டான்.

கூட்டி எழுதுவதும் வேண்டாம். சுளுக்கை "எலும்பில் விரிசல்" என்று எழுதி ஒரு மாதம் கேட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை தெருவில் சைக்கிள் ஓட்டுவதைச் சக மாணவர்களே வந்து சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து உண்மையான வலிக்குக் கடிதம் வந்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைதான் கஷ்டப்படும்.

24ஆம் தேதி பையனுக்கு வலி அநேகமாக இல்லை. விழா 30ஆம் தேதி. நூறு மீட்டரில் ஓடிவிடலாம் என்று அவனுக்கு ஒரே ஆசை. டாக்டர் அவனை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். பத்து விநாடியில் ஆடிப்போனான். இடது காலில் அரை நிமிஷம் அசையாமல் நின்றான். இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். வலி போன பிறகும் மூட்டைச் சமன் செய்யும் பிடிமானம் திரும்பி வரத் தாமதமாகும். லேசான சுளுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் சரியாகும். நார் ஓரளவு கிழிந்திருந்தால் ஆறு வாரம்கூட ஆகும். இடையில் ஓடவிட்டால் அதே கரண்டை மறுபடி மடங்கும், அப்புறம் அதுவே பழகிவிடும். டாக்டர் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் பிப்ரவரி 14 வரை விலக்கை நீட்டினார். நடக்க அனுமதித்தார். தினம் ஒற்றைக் காலில் நிற்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று பயிற்சியும் கொடுத்தார். "முழு ஓய்வு" என்று காலை அசைக்காமலே வைத்திருந்தால் இந்தப் பிடிமானம் வராது.

விழா அன்று அவன் நீளம் தாண்டும் குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் டேப்பில் பார்த்துச் சொன்ன அளவுகளைத் தாளில் எழுதினான். பிப்ரவரி 16 அன்று கட்டில்லாமல் மைதானத்துக்கு வந்தான். டாக்டர் சீட்டு இருந்தாலும் நான் உடனே ஓடவிடவில்லை. சுளுக்கிய காலில் மட்டும் பத்துத் தடவை குதிக்கச் சொன்னேன், வலிக்கவில்லை. மெதுவாக எட்டுப் போட்டு ஓடச் சொன்னேன், திருப்பத்தில் கால் நொடிக்கவில்லை. அன்றைக்கு அவனை மைதானத்தில் இரண்டு சுற்று மட்டும் ஓடவிட்டேன்.