தொண்ணூறு நாள் திட்டம்: அளக்காத ஒன்றைக் குறைக்கிறேன் என்று எழுதாதீர்கள்

சேலத்தைச் சுற்றியுள்ள மில்களில் சூப்பர்வைசருக்கு மேல் ஒரு வேலைக்குக் கூப்பிட்டால், இப்போது நிறைய இடங்களில் இரண்டாவது ரவுண்டுக்கு ஒரு பி.பி.டி. கேட்கிறார்கள். "சேர்ந்த முதல் தொண்ணூறு நாளில் என்ன செய்வீர்கள், பத்து நிமிஷத்தில் காட்டுங்கள்" என்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்க்கும் பி.பி.டி.க்களில், எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. எழுத்துப் பிழை, கண்ணைக் கூசும் கலர், ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதை நான் தொடப் போவதில்லை. வேலையையே பறிக்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அளக்காத ஒன்றுக்குச் சதவீதம் போடுவது

ஒரு நூல் மில்லுக்கு டெஸ்பாட்ச் மேனேஜர் வேலை. வந்த பையன் கெட்டிக்காரன், லாரி ஆபீஸ், இ-வே பில் எல்லாம் தண்ணி பட்ட பாடு. மூன்றாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்: "60 நாளில் டெலிவரி தாமதத்தை 40 சதவீதம் குறைப்பேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, நம்ம மில்லுல இப்ப தாமதம் எவ்வளவுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"பொதுவா, சார், இந்த மாதிரி மில்லுல..."

"பொதுவா இல்ல தம்பி, நம்ம மில்லுல."

அதற்கப்புறம் அவன் நன்றாகச் செய்திருந்த மற்ற ஸ்லைடுகளை யாரும் காதில் வாங்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆத்திரமாக இருக்கிறது. அவனுக்கு விஷயம் தெரியும், ஆனால் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய ஏதோ ஒரு சாம்பிள் பி.பி.டி.யில் "சதவீதம் போட்டால்தான் மதிப்பு" என்று எவரோ சொல்லியிருக்கிறார், அதை நம்பிவிட்டான்.

அந்த 40 ஏன் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்குதான், ஆனால் எந்த மில்லிலும் உங்களால் இப்படிப் போட முடியும். மூன்று மாதத்தில் 120 ஆர்டர் போயிருக்கிறது, அதில் 30 தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நூற்றுக்கு 25. இந்த முப்பதையும் காரணம் வாரியாகப் பிரித்தால், 14 ஆர்டரில் நூலே தயாராகவில்லை: நூலின் பருமனான கவுன்ட்டை மாற்றியதில் மெஷின் நின்றிருக்கும், அல்லது குவாலிட்டியில் லாட் மாட்டியிருக்கும். 9 ஆர்டரில் நூல் மூட்டை கட்டித் தயாராக இருந்தும் லாரி கிடைக்கவில்லை, இல்லையென்றால் லாரி நிறையாத பார்ட் லோடு என்பதால் மற்றச் சரக்கும் சேரட்டும் என்று காத்திருந்தார்கள். 4 ஆர்டரைப் பழைய பாக்கி வரவில்லை என்று அக்கவுன்ட்ஸ் நிறுத்தி வைத்தது. மீதி 3 பில், இ-வே பில் கோளாறு.

இதில் டெஸ்பாட்ச் மேனேஜர் கைக்குள் இருப்பது எது? லாரி 9, பில் 3, மொத்தம் 12. முப்பதில் 40 சதவீதம் எவ்வளவு? அதுவும் 12. ஆக அந்தப் பையன் தன்னை அறியாமல் சொன்னது இதுதான்: என் கைக்குள் வருகிற ஒவ்வொரு தாமதத்தையும், ஒன்று விடாமல், அறுபது நாளில் இல்லாமல் ஆக்கிவிடுவேன். இருபது வருஷம் அனுபவம் உள்ளவரும் அதைச் செய்ய முடியாது. அல்லது நூல் உற்பத்தியைப் பார்க்கும் ஸ்பின்னிங் மாஸ்டரின் 14ல் கை வைப்பேன் என்று அர்த்தம். சேர்ந்த இரண்டாவது மாதமே அவரோடு மோதப் போகிறவரை எந்த முதலாளி எடுப்பார்?

தன் பங்கான 12ல் பாதியைக் குறைக்கிறேன் என்றால் அது நியாயமான பேச்சு. தாமதம் 30லிருந்து 24 ஆகும், நூற்றுக்கு 25 என்பது 20 ஆகும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் எதிரில் இருப்பவர் அதை நம்புவார். அதைக்கூட முதல் நாளே சொல்ல முடியாது. அளந்த பிறகுதான் சொல்ல முடியும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது தெரிந்தவர்தான் இன்டர்வியூவில் தனியாகத் தெரிவார். தாமதம் என்றால் எந்தத் தேதியிலிருந்து? நூல் வாங்கும் பார்ட்டிக்குச் சொன்ன தேதிக்கும், சரக்கை ஏற்றியதும் லாரி ஆபீஸ் கொடுக்கும் ரசீதான எல்.ஆர். தேதிக்கும் உள்ள வித்தியாசமா, அல்லது மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சியில் மூட்டை இறங்கி ஒப்புகை கையெழுத்தான தேதி வரைக்குமா? முதலாவது மில்லின் தாமதம், இரண்டாவதில் லாரிக்காரரின் நாட்களும் சேரும். ஒரே மாதத்தில் ஒரு கணக்கில் நூற்றுக்கு 25 வரும், இன்னொரு கணக்கில் நூற்றுக்கு 40 வரும். இதைவிடப் பெரிய தலைவலி, பார்ட்டிக்குச் சொன்ன தேதி எங்கேயுமே எழுதியிருக்காது. ஏஜென்ட் போனில் "வெள்ளிக்கிழமை ஏத்திடலாங்க" என்று சொல்லியிருப்பார், அதோடு சரி. அப்படிப்பட்ட இடத்தில் பழைய தாமதத்தைக் கணக்கெடுக்கவே வழியில்லை. முதல் மாத வேலையே, ஆர்டர் வாங்கும்போது சொன்ன தேதியை ஒரு ரிஜிஸ்டரில் எழுத வைப்பதுதான்.

அதனால் அந்த மூன்றாவது ஸ்லைடை நான் இப்படி எழுதச் சொல்வேன்:

"நாள் 1 முதல் 30: கடந்த மூன்று மாத ஆர்டர்களை எடுத்து, சொன்ன தேதியையும் எல்.ஆர். தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாமதத்தைக் கணக்கிடுவேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுவேன். சொன்ன தேதி பதிவில் இல்லையென்றால், முதல் வாரத்திலேயே அதைப் பதியத் தொடங்குவேன்.

நாள் 31 முதல் 45: இன்றைய நிலை இது, இதில் என் கைக்குள் வருவது இவ்வளவு, நான் ஏற்கும் இலக்கு இது என்று உங்களிடம் ஒரு பக்கத்தில் கொடுப்பேன்.

நாள் 46 முதல் 90: லாரியால் அதிகம் தாமதமாகும் ஒரே ஒரு ரூட்டில், வாரத்தில் இரண்டு கிழமையை லோடு நாளாக வைத்து முயற்சி செய்வேன். மற்ற ரூட்டை மாற்ற மாட்டேன்."

இதில் சதவீதமே இல்லை. ஆனால் 45ஆம் நாள் முதலாளி கையில் ஒரு தாள் வந்தாக வேண்டும், வரவில்லையென்றால் அவர் கேட்கலாம். இதுவும் வாக்குதான், காப்பாற்றக்கூடிய வாக்கு. கடைசி வரி முக்கியம். எல்லா ரூட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது உதவியது என்று 90ஆம் நாள் உங்களாலேயே சொல்ல முடியாது. இன்னொன்று, மாதத்துக்கு நாற்பது ஆர்டர் போகிற இடத்தில் தாமதம் ஒரு மாதம் 10, அடுத்த மாதம் 7 என்று வருவது யாரும் ஒன்றும் செய்யாமலே நடக்கும். ஒரு மாதக் குறைவைக் காட்டி "சாதித்தேன்" என்று எழுதுவதாகத் திட்டம் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள்.

"இல்ல தம்பி, ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க" என்று சிலர் விடாமல் கேட்பார்கள். அப்போது மழுப்ப வேண்டாம். கணக்கின் அமைப்பைச் சொல்லுங்கள்: "தாமதத்தில் லாரியாலும் பில்லாலும் வருவது எத்தனை என்று தெரிந்தால், அதில் பாதியை மூன்று மாதத்தில் குறைக்கப் பார்ப்பேன் சார். அந்த எண்ணிக்கை உங்களிடம் இருந்தால் இப்பவே சொல்கிறேன்." பாதிப் பேர் அங்கேயே தங்கள் கணக்கைச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் அது இன்டர்வியூவாக இருக்காது, இரண்டு பேர் சேர்ந்து வேலை பேசுவதாக மாறிவிடும்.

எந்தத் தொண்ணூறு நாள் என்று பார்க்காதது

அக்டோபர் 1 அன்று சேர்ந்தால் டிசம்பர் 29 வரை. நடுவில் தீபாவளி வரும், அதற்கு முந்தின வாரம் லோடு குவியும், அடுத்த வாரம் டிரைவர் கிடைக்க மாட்டார். நீங்கள் அளக்கும் தாமதம் அந்த மாதத்தில் எப்படியும் ஏறத்தான் செய்யும், அதனால் போன வருஷம் தீபாவளி வந்த மாதத்தோடு ஒப்பிடுவேன் என்று ஸ்லைடில் ஒரு வரி இருக்க வேண்டும். ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் இதில் இன்னும் மோசமாக மாட்டுகிறார்கள். அராபிகா பறிப்பு ஏறக்குறைய நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். மார்ச்சில் சேரப் போகிறவர் "முதல் 30 நாளில் பறிப்பு ஆட்களை ஒழுங்குபடுத்துவேன்" என்று எழுதினால், அந்த எஸ்டேட்டை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்போது செடியில் பழமே இருக்காது, எல்லாரும் பூ மலர வைக்கும் கோடை மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சேரும் தேதி தெரியாவிட்டால் போன் செய்து கேளுங்கள். சொல்வார்கள்.

"கற்பேன், பங்களிப்பேன், வழிநடத்துவேன்"

மூன்று பெட்டி, மூன்று வார்த்தை. அழித்துவிடுங்கள்.

பழைய கம்பெனியின் கணக்கைக் காட்டுவது

இப்போது வேலை பார்க்கும் இடத்தின் டெஸ்பாட்ச் ஷீட்டைப் படம் பிடித்து, பார்ட்டி பெயரோடு ஸ்லைடில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அனுபவத்தைக் காட்டுவதாக நினைக்கிறார்கள், நாளைக்கு எங்கள் ஷீட்டும் இப்படித்தான் போகும் என்று நாங்கள் நினைக்கிறோம். நீங்கள் செய்த முறையை வாயால் சொல்லுங்கள், போதும்.

வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் வருவது

உள்கணக்கு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதற்காக வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. இரண்டு லாரி புக்கிங் ஆபீஸில் ஏறி இறங்கினால் சேலத்திலிருந்து மும்பை பக்கத்துப் பிவண்டிக்கு எந்தக் கிழமையில் வண்டி சுலபமாகக் கிடைக்கிறது, பார்ட் லோடுக்கு எத்தனை நாள் நிறுத்துகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு தகவலை "இரண்டு ஆபீஸில் விசாரித்தேன், இப்படிச் சொன்னார்கள், உங்கள் மில்லுக்கு இது சரியா என்று முதல் வாரம் பார்ப்பேன்" என்று போட்டால், நான் அந்த ஸ்லைடில் நின்றுவிடுவேன். எங்கிருந்து தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

பத்து நிமிஷத்துக்குப் பதினெட்டு ஸ்லைடு

ஐந்து போதும்.

கடைசி ஸ்லைடில் "நன்றி"

நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் முழுக்கச் சுவரில் நிற்பது அந்தக் கடைசி ஸ்லைடுதான். அதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: மூன்று மாத ஆர்டர் ரிஜிஸ்டரைப் பார்க்க அனுமதி, வாரம் ஒரு முறை ஸ்பின்னிங் மாஸ்டரோடு அரை மணி நேரம், அக்கவுன்ட்ஸ் நிறுத்தி வைத்த பார்ட்டிகளின் பட்டியல் தினமும் காலையில். முதலாளி அதைப் பார்த்து "இது முடியாது, அது கொடுக்கலாம்" என்று பேச ஆரம்பித்தால், நீங்கள் சேருமுன்பே முதல் வாரத்து வேலை பாதி முடிந்தது.