சைகஸின் புதுக்குருத்து மஞ்சளாக வந்தால்: சத்துக் குறைவா, செதில் பூச்சியா, தண்ணீர் மிகுதியா?

பனைபோல் மட்டை விரிக்கும் அலங்காரச் செடியான சைகஸ் மற்றச் செடிகளைப் போல வாரம் ஓர் இலை விடாது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை, நடுவிலிருந்து பத்துப் பதினைந்து குருத்துகளை ஒரே கொத்தாக விடும். அந்தக் கொத்து கெட்டுப்போனால் அடுத்த கொத்து வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும்.

அத்தை வீட்டுச் சைகஸில் இந்தச் சிக்கலை நேரில் பார்த்தேன். கால்பந்து அளவு அடித்தண்டு. புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில் மண்ணில் நட்டிருந்தார்கள். பழைய மட்டைகள் கரும்பச்சையாக இருக்க, புதிதாக வந்தவை எலுமிச்சை மஞ்சளில், நுனி சுருண்டு கருகி நின்றன.

முதலில்: இது உண்மையிலேயே நோயா?

விரிந்து ஒரு மாதம் வரை புதுமட்டை வெளிர்பச்சையாகவும் தொட்டால் துவள்வதாகவும் இருப்பது இயல்பு. அது கெட்டியாகி நிறம் ஏறும்வரை பொறுங்கள். குருத்தின் மேல் இருக்கும் பழுப்புப் பஞ்சும் பூச்சி அல்ல, செடியே போர்த்தியிருக்கும் ரோமம். அதேபோல, புதுக்கொத்து வந்தபின் அடியில் இருக்கும் கடைசி வரிசை மட்டைகள் மஞ்சளாகிக் காய்வது வயதான மட்டை விடைபெறுவதுதான்.

கெட்டியான பிறகும் மஞ்சள் போகவில்லை, நுனி கருகுகிறது, கீற்றுகள் குட்டையாகவும் சுருண்டும் இருக்கின்றன என்றால் கீழே உள்ள சோதனைகளுக்கு வாருங்கள்.

இரண்டாவது: எந்த மட்டை மஞ்சள்?

செடியிலிருந்து நான்கடி தள்ளி நின்று பாருங்கள். சில சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். மெக்னீசியம் அப்படிப்பட்டது, அது குறைந்தால் பழைய மட்டைதான் ஓரத்தில் மஞ்சள் பிடிக்கும், நடுவே பச்சை தங்கும். மாங்கனீசை அப்படி உருவ முடியாது. அது குறைந்தால் பழையது பச்சையாகவே இருக்கும், புதியது மட்டும் மஞ்சளாகி, சுருண்டு, கருகும். இரும்புச்சத்து குறைந்தாலும் புதியதுதான் வெளுக்கும். ஆனால் அதில் இந்தச் சுருளலும் கருகலும் அவ்வளவு இருக்காது.

பெயர் ஒலி நெருங்கியிருப்பதால் இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். எப்சம் உப்பு மெக்னீசியம். அதில் மாங்கனீசு கிடையாது. அத்தையும் யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாதம் எப்சம் உப்புதான் கரைத்து ஊற்றியிருந்தார். குருத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவது: மட்டையைத் திருப்புங்கள்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கீற்று நுனி ஊசிபோல் குத்தும். மட்டையின் அடிப்பக்கத்தையும், நடுக்காம்பையும், தண்டின் செதில்களுக்கு இடையே உள்ள சந்துகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். தேங்காய்த் துருவலைத் தூவியதுபோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. இது வந்தால் மஞ்சள் ஒரே சீராக வராது. பூச்சி சாறு உறிஞ்சிய இடத்தில் புள்ளிபுள்ளியாகத் தொடங்கிப் பிறகு பரவும். பழைய மட்டை, புதிய மட்டை என்று பார்க்காது.

நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டுங்கள். கழன்று வந்து, நசுக்கினால் மஞ்சளாகச் சாறு கசிந்தால் உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் செத்தது. செத்த பூச்சியின் ஓடு மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், மருந்து வேலை செய்ததா என்று அறியவும் இதே சோதனைதான்.

சைகஸைத் தாக்கும் ஆசியச் செதில் பூச்சி தாய்லாந்துப் பக்கத்தைச் சேர்ந்தது. 2003-இல் குவாம் தீவில் தென்பட்ட பிறகு அங்குள்ள காட்டுச் சைகஸ்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. இதை இலேசாக எடுக்காதீர்கள். மோசமான மட்டைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மற்றவற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டை பொரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே வாரம் ஒரு முறை வீதம் நான்கு முறையாவது தேவை. பூச்சி வேரிலும் இறங்கும். இலை சுத்தமான பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் மண்ணைத் தோண்டி வேரைப் பாருங்கள்.

நான்காவது: தண்டை அமுக்குங்கள்

தண்ணீர் மிகுந்தால் பெரும்பாலும் பழைய மட்டைகள் முதலில் மஞ்சளாகித் தொங்கும். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்போல் இருந்தால் நல்லது, வாழைப்பழம்போல் அமுங்கினால் அழுகல். ஒரு குச்சியை நாலு விரற்கடை ஆழம் செருகி எடுத்து முகருங்கள். ஈரமண் ஒட்டி, புளித்த வாடை வந்தால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டியாக இருந்தால் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுத்து வழவழப்பானதை வெட்டிவிட்டு, மணல் அதிகம் கலந்த மண்ணில் மாற்றி நடுங்கள். மண்ணுக்கு மேலே பவளம்போல் கொத்தாக முளைத்திருக்கும் வேரை மட்டும் வெட்டாதீர்கள். அது நோய் இல்லை; காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் வாழும் இடம்.

அத்தை வீட்டில் என்ன கண்டோம்

அடிப்பக்கம் சுத்தம். தண்டு கெட்டி. குச்சியில் வாடை இல்லை. பிறகு சுவரோரத்து மண்ணை ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, அதில் வினிகர் ஊற்றினோம். சோடா ஊற்றியதுபோல் நுரைத்துப் பொங்கியது. கட்டுமானத்தில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்திருந்தன. இப்படிச் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் வேருக்கு எட்டாது.

மேலாக இருந்த சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்தோம். உரக்கடையில் மாங்கனீசு சல்பேட் என்று கேட்டு வாங்கி, 50 கிராமைத் தண்டை ஒட்டாமல் சுற்றித் தூவி, தண்ணீர் விட்டோம். தொட்டிச் செடியென்றால் ஒரு தேக்கரண்டியைக் கரைத்து ஊற்றினால் போதும். மண்ணே சுண்ணாம்பாக இருப்பதால் போட்டதில் ஒரு பங்கு மறுபடி கட்டுண்டுவிடும். அதனால் அடுத்த கொத்து விரியத் தொடங்கியதும், 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து அந்தக் குருத்துகளின் மேலேயே மாதம் ஒரு முறை மூன்று மாதம் தெளித்தோம். பழைய மட்டையில் தெளித்த மாங்கனீசு புதியதற்குப் போகாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மஞ்சளாகிவிட்ட மட்டை திரும்பப் பச்சையாகாது. பாதியாவது பசுமை இருந்தால் வெட்டாமல் விடுங்கள், அதுவும் செடிக்கு உணவு சமைக்கும். அத்தை அந்தச் சுருண்ட கொத்தோடு பதினோரு மாதம் காத்திருந்தார். புதுக்கொத்தில் பன்னிரண்டு மட்டைகள், எல்லாம் நேராக. ஓரத்து இரண்டில் மட்டும் நுனியில் இலேசான மஞ்சள் இருந்தது. இந்த வருடமும் 50 கிராம் போட்டிருக்கிறோம்.