பேசாமல் இருக்கும் இரண்டு ஊழியர்களை உட்காரவைத்துப் பேசுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசரும், தரத்தைச் சோதிக்கிற கியூசி மேடமும் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே ஆர்டரைப் பார்க்கிற இருவரும் பேக்கிங் பையன் மூலமாகத்தான் தகவல் சொல்லிக்கொண்டார்கள். அதைப் பேசித் தீர்த்த விதத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இது பேசித் தீர்க்கிற விஷயமா?

இருவரும் இனியும் சேர்ந்து வேலை பார்க்கப்போகிறவர்களா, ஒருவர் முன் மற்றவர் பயமில்லாமல் வாய் திறக்க முடியுமா, இருவருக்கும் சம்மதமா? இந்த மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் நான் இறங்க மாட்டேன். யாராவது கை நீட்டியிருந்தாலும், சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலும் அது புகார். விசாரணைக்குத்தான் போக வேண்டும். இருவரையும் சமமாக உட்காரவைத்தாலே, தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ஆகிவிடும்.

படி 2: தனித்தனியாகப் பேசுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. முதல் தடவை நேராக இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். பத்தே நிமிடத்தில் மேடம் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். மனதில் இருந்த கோபமெல்லாம் முதன்முதலாக அங்கேதான் வெளியே வந்தது, அதுவும் எதிராளியின் முகத்துக்கு நேராக.

அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்கினேன். கேட்டது இரண்டே கேள்வி. ‘கடைசியாக என்ன நடந்தது?’ ‘நாளைக்கே சரியாகிவிட்டால் வேலையில் என்ன மாறியிருக்கும்?’ முதல் கேள்விக்கு நிறையக் குற்றச்சாட்டு வரும், குறுக்கே பேசாமல் கேளுங்கள். இரண்டாவதில்தான் உண்மையான தேவை வெளியே வரும்.

மெர்ச்சண்டைசர் முதலில் ‘அவங்களை வேற யூனிட்டுக்கு மாத்துங்க’ என்றார். இரண்டாம் கேள்விக்கு, ‘அளவு தப்பு என்று முதலாளிக்கு சிசி போட்டு மெயில் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் போதும்’ என்றார். மேடத்திடம் கேட்டபோது வேறு கதை வந்தது. பையர் அளவை மாற்றிச் சொன்னது அவருக்கு எழுத்தில் வருவதே இல்லை. பழைய அளவுகள் இருக்கிற ஸ்பெக் ஷீட்டை வைத்துச் சோதித்து, பிறகு லைனில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கியிருக்கிறார். மெயில் போட்டது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

முடிக்கும்போது, ‘இதில் எதை நான் அங்கே சொல்லக் கூடாது?’ என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நீங்கள் கொண்டுபோகாதீர்கள். அதை அவரே நேரில் சொல்லத் தயாராக்குவதுதான் இந்தச் சந்திப்பின் வேலை.

படி 3: சேர்ந்து உட்காருங்கள்

ஷிப்மென்ட் வாரத்தில் வைக்காதீர்கள். முதலாளி அறையும் வேண்டாம். நாங்கள் சாம்பிள் ரூமில் உட்கார்ந்தோம். எதிரெதிராக இல்லாமல் மேசையின் பக்கத்துப் பக்கத்து ஓரங்களில் உட்காரச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், குறுக்கீடு கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர், தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மேடம் லைனில் பேச்சு வாங்கியதை மெர்ச்சண்டைசர் தன் வாயால் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. அதற்குப் பிறகுதான் இருவரும் என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள்.

போனில் பதிவு செய்யவே கூடாது. செய்தால் இருவரும் பதிவுக்காகப் பேசுவார்கள். நான் பேப்பரில் குறிப்பெடுத்து, கடைசியில் அவர்கள் கண்முன்னே கிழித்துப்போட்டேன்.

படி 4: எழுதிக்கொள்ளுங்கள்

‘இனி ஒற்றுமையாக இருப்போம்’ என்று எழுதினால் யார் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. நாங்கள் எழுதியது இரண்டு வரி. பையர் அளவை மாற்றினால் அன்று மாலைக்குள் திருத்திய ஸ்பெக் ஷீட் மேடத்துக்குப் போகும். லாட் ஃபெயில் ஆனால் மேடம் முதலில் போன் செய்வார், ஒரு மணி நேரம் கழித்து மெயில் போடுவார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது வரி நன்றாக நடந்தது. முதல் வரி ஒரு தடவை தவறியிருந்தது. அதை மட்டும் கால் மணி நேரம் மறுபடி பேசினோம்.

பின்சேர்க்கை

ஒரு வாசகர், மேனேஜரே நடுவில் உட்காரலாமா என்று கேட்டிருந்தார். அவர்களின் இன்கிரிமென்ட்டில் உங்களுக்குக் கை இருந்தால் வேண்டாம், மனம் விட்டுப் பேச மாட்டார்கள். வேறு பிரிவு ஆளைக் கேளுங்கள்.

இன்னொருவர், பாலியல் தொல்லைப் புகாரை இப்படிப் ‘பேசி முடிக்க’ச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. பிரிவு 10 சமரசத்துக்கு இடம் தருகிறது. ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன்பு, பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால் மட்டும், அந்தக் குழுவின் மூலமாக. பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கவும் கூடாது. முடிவுக்கு வந்த நிபந்தனையை எதிர்த்தரப்பு மீறினால், அந்தப் பெண் சொன்னதும் குழு விசாரணையைத் தொடங்க வேண்டும்.