கிளைக்கு ஒரு பில் கேளுங்கள்

பல கிளைகளுக்கு ஒரே ஆர்டர் கொடுக்கும்போது, சரக்கு இறங்கும் இடத்துக்கு ஒன்றாகத் தனித்தனி இன்வாய்ஸ் வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சென்னைக்கு 30, மதுரைக்கு 20, கோவைக்கு 10 என்று 60 நாற்காலிகள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரே பில் வந்தால், கோவையில் 2 நாற்காலி உடைந்து வந்தாலும் மூன்று கிளைகளின் பணமும் நின்றுபோகும். தனி பில் இருந்தால் சென்னையும் மதுரையும் வந்த சரக்கைச் சரிபார்த்து உடனே பணம் அனுப்பலாம்; கோவை பில் மட்டும் காத்திருக்கும். விற்பவருக்கும் பெரும்பகுதிப் பணம் முன்னதாகக் கிடைப்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

விலை மட்டும் மொத்தம் 60க்கானது என்று ஆர்டரில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 10 நாற்காலிக்குரிய சில்லறை விலை கோவை பில்லில் ஏறிவிடலாம். கிளை வேறு மாநிலத்தில் இருந்தால் அதன் ஜிஎஸ்டி எண்ணையும் முகவரியோடு கொடுங்கள்; உள்ளீட்டு வரி வரவு அந்த எண்ணில்தான் சேர வேண்டும்.

சரக்கு கிளம்புவதற்கு முன்பே கேட்பது முக்கியம். பில் போட்டபிறகு பிரிக்க வேண்டுமானால், விற்பவர் பழையதற்குக் கிரெடிட் நோட் கொடுத்துப் புதிய பில்கள் போட வேண்டும். கிரெடிட் நோட் இல்லாமல் புதிய பில்களை வாங்காதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு முறை பணம் போய்விடலாம். பில் போட்டுவிட்ட நிலையில் இடவாரியான எண்ணிக்கையும் தொகையும் கொண்ட இணைப்புத் தாள் கேட்பதே எளிது.

கிளைகள் எல்லாம் ஒரே மாநிலத்தில் இருந்து தலைமை அலுவலகமே எல்லாப் பணத்தையும் செலுத்தினாலோ, சரக்கு முழுவதும் ஒரே கிடங்கில் இறங்கினாலோ இது தேவையில்லை.