ஆத்தங்குடிக் கல்லும் முந்நூறு படங்களும்

காரைக்குடிப் பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் இது: ஆத்தங்குடிக் கல்லின் நான்கு டிசைன்களைப் படம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கையில் முந்நூறு சொச்சம் படங்கள்தான். புதிதாகக் கட்டிய மாடல் பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்துவிட்டு, புது வீட்டுத் தரையைக் காட்டினால் திணறியது.

அப்புறம் MobileNetV2 என்ற, ஏற்கெனவே பயிற்சி பெற்ற பட மாடலை எடுத்தோம். இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பின் சுமார் 12.8 லட்சம் படங்களில் கோடு, வளைவு, நிறம் எல்லாம் ஏற்கெனவே கற்றது. அதை அப்படியே உறைய வைத்து, கடைசி அடுக்கை மட்டும் பழக்கினோம். ஒரு படத்துக்கு அது தருவது 1280 எண்கள்; நமக்கு வேண்டியது நான்கு வகை. ஆக, 1280 × 4 எடைகளும் வகைக்கு ஒரு பயஸ் எண்ணும் சேர்த்து, கற்க வேண்டியது 5,124 எண்கள்தான். இந்தச் சிறிய சுமையை முந்நூறு படம் தாங்கும்.

நன்றாகவே வந்தது. ஆனால் உறைய வைத்த மேல் அடுக்குகளையும் நம் படங்களுக்கேற்ப ஃபைன் டியூன் செய்யத் திறந்ததும் மதிப்பெண் சரிந்தது. உள்ளே வரும் எண்களைச் சராசரி வைத்துச் சீராக்கும் பேட்ச் நார்மலைசேஷன் அடுக்குகள் தங்கள் பழைய சராசரிகளை நம் சில படங்களை வைத்து மாற்றத் தொடங்கியதுதான் காரணம். அந்தச் சராசரிகள் மாறாதபடி MobileNetV2-ஐ ஓட்டுவதுதான் தீர்வு. கீழே base என்பது அந்த மாடல்:

```python
x = base(inputs, training=False)
```

கற்றல் வேகத்தையும் 1e-5 ஆகக் குறைத்தோம். சரிவு நின்றது.

சோதனைக்கு மட்டும் தனி வீட்டின் படங்களை ஒதுக்குங்கள். ஒரே தரையின் படங்கள் பயிற்சி, சோதனை இரண்டிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும்.